வெல்டிங் முடிந்ததும் யாரும் எழுந்து போகாதீர்கள்!



கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் லைக் போட்டுவிட்டு ஓடாமல் கடைசி வரை படியுங்கள். முப்பத்தைந்து வருஷம் சாக்பீஸ் பிடித்த கை இன்று கோபத்தில் எழுதுகிறது. அந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே.

போன சித்திரையில் மாமல்லபுரம் பக்கம் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். கடலிலிருந்து கூப்பிடு தூரம். அந்த உப்புக் காற்றில் இரும்பு எத்தனை நாள் தாங்கும்? மாடி பால்கனி கிரில் அடியில் துருவேறி ஆடிக்கொண்டிருந்தது. வெல்டிங் வைக்க வந்தவன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். நல்ல கைத்தொழில்காரன், பேர் வேண்டாம். காலையில் வந்ததும் கீழே எட்டிப் பார்த்து, "சார், கொட்டகையில வலை கிடக்குதே, எடுத்து வெச்சுடலாமா?" என்று கேட்டான். நான்தான் சொன்னேன்: "அரை மணி நேர வேலைப்பா. சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சுடு."

வாத்தியார் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை என்ன செய்வான்? ஆரம்பித்துவிட்டான்.

பன்னிரண்டரைக்கு வேலை முடிந்தது. அவனும் ஹெல்பர் பையனும் சாப்பிடப் போனார்கள். நாங்களும் சாப்பிட்டுப் படுத்தோம். ஒன்று இருபதுக்குப் பக்கத்து வீட்டு அம்மா சத்தம் போட்டாங்க. ஓடி வந்து பார்த்தால் பால்கனிக்குக் கீழே இருந்த கீற்றுக் கொட்டகையில் தீ. தார்ப்பாயின் மடிப்பில் பழைய தேங்காய் நார்க் கயிறு கிடந்தது. அதன்மேல் நைலான் வலை. பொறி போய் உட்கார்ந்தது அந்தக் கயிற்றில். தெருவே திரண்டு மணலும் தண்ணீரும் கொட்டி அணைத்தது. வலை சாம்பல். பக்கத்தில் நின்ற ஃபைபர் படகில் ஒரு பக்கம் கருகிப் பொரிந்துவிட்டது. தங்கையின் பேரன் தினமும் மதியம் அந்தக் கொட்டகைக் கயிற்றுக் கட்டிலில்தான் தூங்குவான். அன்றைக்கு டியூஷனுக்குப் போயிருந்தான். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

பன்னிரண்டரைக்கு முடிந்த வேலை ஒன்று இருபதுக்கு எப்படித் தீயாகும்? இதைத்தான் எல்லோரும் கேட்டார்கள்.

வெல்டிங் பொறி என்பது வெறும் வெளிச்சம் இல்லை. உருகிய இரும்புத் துளி. இரும்பு உருகுவதே 1538 டிகிரி செல்சியஸில். அந்தத் துளி தரையில் விழுந்ததும் சாகாது. எகிறும், உருளும், சந்து கிடைத்தால் நுழையும். கட்டிங் வீலில் பறக்கும் பொறிக்கும் இதே குணம்தான். காகிதத்தில் பட்டால் உடனே பற்றும், நமக்கும் கண்ணில் படும், மிதித்து அணைத்துவிடுவோம். நார், மரத்தூள், பஞ்சு, வைக்கோல், சாக்கு இவற்றில் பட்டால் கொழுந்து விடாது. உள்ளுக்குள் கனலும். உமி மூட்டத்தில் நெருப்பு போட்டுப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மேலே ஒன்றும் தெரியாது, உள்ளே கை வைக்க முடியாது. நீறு பூத்த நெருப்பு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

கனலுக்குத் தேவை காற்று. நம் கரையில் கோடையில் அது எப்போது வரும்? உச்சிப் பொழுது தாண்டிக் கடற்காற்று திரும்பும்போது. சரியாக நாம் சாப்பிட்டுப் படுக்கும் நேரம். காலையில் விழுந்த பொறிக்கு மதியக் காற்று துருத்தி ஊதியது. நடந்தது அவ்வளவுதான்.

"முப்பது வருஷமா வெல்டிங் அடிக்கிறேன், ஒண்ணும் ஆனதில்ல" என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான். ஆனதில்லை என்பது உனக்கு எப்படித் தெரியும் தம்பி? நீதான் முடித்ததும் கிளம்பிவிடுகிறாயே! தீ வரும் நேரத்தில் நீ அடுத்த ஊரில் இருக்கிறாய். நீ போன பிறகு பற்றிய தீக்கு "கரண்டு ஷார்ட் ஆயிடுச்சு" என்று பேர் வைத்துவிடுகிறார்கள்.

இது குடிசைப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2021 ஜனவரி 21 அன்று புனேயில் சீரம் நிறுவனத்தின் மஞ்சரி வளாகத்தில், வேலை நடந்துகொண்டிருந்த கட்டடத்தில் தீப்பிடித்து ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். உலகமே அந்த நிறுவனத்தின் கொரோனா தடுப்பூசிக்குக் காத்திருந்த நேரம். வெல்டிங் பொறி இன்சுலேஷன் பொருளில் பட்டதே காரணமாகத் தெரிகிறது என்று மகாராஷ்டிர அமைச்சர் அப்போது சொன்னார். ஜெர்மனியில் டூசல்டார்ஃப் விமான நிலையம், 1996 ஏப்ரல் 11. மேலே சாலையின் இணைப்பில் வெல்டிங். கீழே முனையத்தின் கூரைக்குள் தெர்மாகோல் மாதிரியான இன்சுலேஷன். இணைப்பு வழியாக உருகிய உலோகம் கீழே இறங்கியது. பதினேழு பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புகையால். மேலே வேலை, கீழே எரிபொருள், நடுவில் ஒரு சந்து. என் தங்கை வீட்டு பால்கனியும் அதுதான்.

இப்போது மறைமலை நகரிலும் மஹிந்திரா சிட்டியிலும் வேலை பார்க்கும் என் மாணவர்களுக்கு. கம்பெனிக்குள் 'ஹாட் ஒர்க் பெர்மிட்' கையெழுத்தாகாமல் நீங்கள் ராடைத் தொடுவதில்லை. பக்கத்தில் தீக்காவலுக்கு ஒரு ஆள், தீயணைப்பான், எல்லாம் இருக்கும். அதே நீங்கள் ஞாயிற்றுக்கிழமை சொந்த வீட்டில் வெல்டரை நிறுத்தி, "சீக்கிரம் முடிப்பா" என்கிறீர்கள். கம்பெனியில் எரியும் நெருப்பு வேறு, வீட்டில் எரியும் நெருப்பு வேறா? வெல்டிங் தீ தடுப்புக்கென்றே ஐ.எஸ். 3016 என்று ஓர் இந்தியத் தர நெறிமுறை இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் வீட்டு வாசலுக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போவதில்லை. நீங்கள்தான் இன்ஸ்பெக்டர்.

என்ன செய்ய வேண்டும்? வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் கேள்வி: இந்த வேலையை இங்கேயேதான் செய்ய வேண்டுமா? கிரிலைக் கழற்றிப் பட்டறைக்கோ வெறும் மணல் தரைக்கோ கொண்டுபோக முடியுமானால் பாதி ஆபத்து அங்கேயே தீர்ந்தது. முடியாவிட்டால் சுற்றிலும் 35 அடி, அதாவது சுமார் 11 மீட்டர், எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது. சவுக்குச் சருகைப் பெருக்குங்கள். வலை, கயிறு, பெயின்ட் டப்பா, தின்னர், படகின் பெட்ரோல் கேன் எல்லாவற்றையும் தூக்குங்கள். மாடியில் வேலை என்றால் அந்த 35 அடியைக் கீழ்த்தளத்திலும் அளக்க வேண்டும். நாங்கள் தவறவிட்டது இதைத்தான். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். நகர்த்த முடியாததைத் தகரத்தால் மூடுங்கள். சாக்கு என்றால் சொட்டச் சொட்ட நனைத்துப் போட்டு, காயக் காய மறுபடி நனையுங்கள். நீலத் தார்ப்பாயால் மூடாதீர்கள். அது பிளாஸ்டிக், பொறி ஓட்டை போட்டு உள்ளே போய்விடும். சந்துகளை ஈர மண்ணால் அடையுங்கள்.

அடுத்தது தீக்காவல். வெல்டரால் இதைச் செய்ய முடியாது. முகத்துக்கு முன் கறுப்புக் கண்ணாடியைப் பிடித்திருப்பவனுக்குத் தன் ராடு நுனியைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆகவே இன்னொரு ஆள் வேண்டும். பொறி எங்கே விழுகிறதோ அங்கே அவர் நிற்க வேண்டும். இரண்டு வாளித் தண்ணீர், ஒரு நனைந்த சாக்கு, குழாய் இருந்தால் ஹோஸ். கரண்டு ஒயர் பக்கம் தீ என்றால் முதலில் மெயினை அணைத்துவிட்டுத்தான் தண்ணீர்.

வேலை முடிந்த பிறகும் அவர் ஒரு மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் விதியில் முன்பு அரை மணி நேரம் என்று இருந்தது. 2019 பதிப்பில் அதை ஒரு மணி நேரமாக்கினார்கள். எங்கள் கணக்கைப் பாருங்கள்: ஐம்பது நிமிடம். அரை மணியில் எழுந்து போயிருந்தால் தப்பியிருக்காது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் ஒரு வாளியில் முடிந்திருக்கும். சும்மா உட்காரவும் கூடாது. மூக்கை நம்புங்கள், நார் கனலும் வாடை கொழுந்துக்கு முன்னே வரும். மடிப்புகளைப் பிரித்துப் பாருங்கள், புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு தெரிகிறதா என்று பாருங்கள். அதன் பிறகும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு அவ்வப்போது ஒரு நடை போய்வாருங்கள்.

கடைசியாகப் புகை. உப்புக் காற்றுக்குப் பயந்து நம் கரையில் எல்லோரும் ஜி.ஐ. பைப் கேட்கிறோம். அதன் மேல்பூச்சு துத்தநாகம். வெல்டிங் சூட்டில் அது வெள்ளைப் புகையாக எழும். அதைச் சுவாசித்தவனுக்குச் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரியில், குளிர் நடுக்கம், காய்ச்சல், உடம்பு வலி, வாயில் இரும்புச் சுவை. ஓரிரு நாளில் விட்டுவிடும். அதனால் 'வெயில் காய்ச்சல்' என்று தள்ளிவிட்டு அடுத்த நாளும் வருவான். மூச்சுத் திணறல் இருந்தாலோ இரண்டு நாளில் விடாவிட்டாலோ அது வேறு விஷயம், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாலும் வெல்லமும் வாழைப்பழமும் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நாமும் கொடுக்கிறோம். பிள்ளைகளே, பால் போவது வயிற்றுக்கு, புகை போவது நுரையீரலுக்கு. நான்காம் வகுப்பில் படம் வரைந்து பாகம் குறித்தோமே, மறந்துவிட்டதா? எல்லா வெல்டிங் புகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் முடிவு செய்திருக்கிறது.

செய்ய வேண்டியது: பற்றவைக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் இரண்டு அங்குலத்துக்கு அந்தப் பூச்சைத் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள். தேய்க்கும்போதும் முகக்கவசம் வேண்டும். காற்று பக்கவாட்டில் அடித்துப் புகையை முகத்தைவிட்டு விலக்கும்படி நிற்க வேண்டும். மூடிய அறையிலும் தண்ணீர்த் தொட்டிக்குள்ளும் செய்யவே வேண்டாம். முகத்தில் கட்டும் துண்டு வியர்வையைத்தான் நிறுத்தும், புகையை நிறுத்தாது.

இதற்கெல்லாம் கூடுதலாக ஆகும் செலவு ஒரு ஆளின் இரண்டு மணி நேரக் கூலி. அதை வெல்டர் கேட்க மாட்டான், கேட்டால் அடுத்த வேலை வேறொருவனுக்குப் போய்விடும். ஆகவே கொடுக்க வேண்டியது வேலைக்குக் கூப்பிடும் நாம்தான். பேரம் பேசி அந்தக் காசை மிச்சம் பிடித்தவர்களில் நானும் ஒருவன். என் மாணவன் கேட்ட சரியான கேள்விக்கு அன்று நான் தப்பான பதில் சொன்னேன். அவன் மறுநாள் வந்து, "என்னாலதான் சார்" என்று அழுதான். இல்லைப்பா. அந்தத் தப்பு வாத்தியாருடையது. எல்லோரும் பார்க்கட்டும் என்றே இங்கே எழுதுகிறேன்.

அடுத்த முறை உங்கள் வீட்டில் வெல்டிங் முடிந்ததும் ஒரு நாற்காலியை எடுத்துப் பொறி விழுந்த இடத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். சாப்பாடு ஆறினால் ஆறட்டும்.

உங்கள் பழைய வாத்தியார்,
செங்கல்பட்டு