கொடுத்த குரலைத் திரும்பக் கேட்க முடியாது

"உங்கள் குரலைத் தமிழுக்குக் கொடையாகத் தாருங்கள்" என்ற அழைப்பு இப்போது தமிழ்ச் சங்கங்களின் வட்சப் குழுக்களிலும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளின் அறிவித்தல்களிலும் அடிக்கடி தென்படுகிறது. பத்து நிமிடம், ஒரு கைபேசி, சில வாக்கியங்கள். தமிழ் கணினிக்குப் புரியும், பிள்ளைகளுக்கு மொழி பிழைக்கும் என்கிறார்கள். நோக்கத்தில் பழுதில்லை. ஆனால் கொடை என்ற சொல்லில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. கொடுப்பவருக்கு எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்தால்தான் அது கொடை. இந்தக் குரல் கொடையில் பெரும்பாலானோருக்கு அது தெரியாது. தெரியப்படுத்துவதற்கு அழைப்பவர்களும் மெனக்கெடுவதில்லை.

இவற்றில் மிகவும் அறியப்பட்டதும், என் பார்வையில் மிகவும் நேர்மையானதுமான மொஸில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். 2017இல் தொடங்கியது. தமிழ் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளில் குரல் சேர்க்கிறது. திரையில் ஒரு வாக்கியம் வரும். அதை வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். முன்பின் தெரியாத வேறு தொண்டர்கள் அதைக் கேட்டு, வாக்கியமும் குரலும் பொருந்துகின்றனவா என்று வாக்களிப்பார்கள். பதிவுகள் ஒரு பெருந்தொகுப்பாக வெளிவரும். சிசி-சீரோ என்ற உரிமத் துறப்பின் கீழ் வெளிவருவதால் எவரும், எந்த வணிகத்துக்கும், யாரிடமும் கேட்காமல் அதைப் பயன்படுத்தலாம்.

ஸ்காபரோவில் வசிக்கும் எழுபது வயதுப் பெண்மணி ஒருவர் பேத்தியின் கைபேசியில் இருநூறு வாக்கியம் வாசித்தார் என்று வைத்துக்கொள்வோம். தொகுப்பைத் தரவிறக்குபவருக்கு ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அட்டவணை வரி கிடைக்கும். அந்த வரியில் `client_id`, `path`, `sentence`, `up_votes`, `down_votes`, `age`, `gender`, `accents`, `locale` போன்ற கட்டங்கள் இருக்கும். பெயர் இல்லை, முகவரி இல்லை, மின்னஞ்சல் இல்லை. `client_id` என்பது பெயருக்குப் பதிலாக வைக்கப்பட்ட, பொருளற்ற நீண்ட எழுத்துக் கோவை. வயதும் பாலும் உச்சரிப்பும் அவர் விரும்பிச் சொன்னால் மட்டுமே வரும். பார்த்தால் எல்லாம் பத்திரமாக இருப்பதுபோலத் தோன்றும்.

ஆனால் இருநூறு பதிவுகளும் ஒரே `client_id`இன் கீழ் நிற்கின்றன. ஒவ்வொன்றும் சில விநாடிதான். சேர்த்தால் ஒரே மனிதரின் பல நிமிடக் குரல், வாக்கியம் வாக்கியமாக எழுத்தோடு பொருத்தப்பட்டு ஒரே இடத்தில் கிடக்கிறது. இன்று ஒரு குரலைப் போலச் செய்ய அதில் சில விநாடிகள் போதும். அந்த அம்மா உள்ளூர்த் தமிழ் வானொலியில் ஒருமுறை பேசியிருந்தால், அல்லது மகனின் கலியாண வீடியோ இணையத்தில் கிடந்தால், இரண்டு குரலையும் ஒப்பிட்டு ஒரே ஆள் என்று சொல்லும் கருவிகள் தாராளமாக உண்டு. பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்பது எழுத்துக்குப் பொருந்தலாம். குரலுக்குப் பொருந்தாது, குரலே ஆளின் அடையாளம்.

காமன் வாய்ஸ் இதை அறியாமல் இல்லை. தரவிறக்குபவர் எவரும், பேசியவர் யார் என்று கண்டறிய முயலமாட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல விதி. ஆனால் அதைக் காப்பது ஒரு கட்டத்தில் இடும் குறி மட்டுமே. சிசி-சீரோ துறப்பது பதிப்புரிமையையும் அதைச் சார்ந்த உரிமைகளையும். பேசியவரை யாரும் கண்டறியாமல் காக்கும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. உரிமத்தைக் காட்டி "எல்லாம் சட்டப்படி" என்பவர்கள், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள்.

இனி, அந்த அம்மா மனம் மாறினால்? தன் பதிவுகளை நீக்கச் சொல்லிக் கேட்கலாம். அடுத்து வரும் தொகுப்பில் அவை இராது. ஏற்கெனவே தரவிறக்கப்பட்ட பழைய தொகுப்புகள் உலகெங்கும் கணினிகளில் கிடக்கும். அவற்றைக் கொண்டு பயிற்றப்பட்ட மாதிரியிலிருந்து ஒருவருடைய குரலை மட்டும் உருவி எடுப்பது, கறிக்குள் கரைந்த உப்பைத் திரும்ப எடுப்பதைப் போன்றது. கணக்குத் திறக்காமலும் குரல் கொடுக்கலாம் என்பதால், எது தன்னுடைய பதிவு என்று காட்டவே அவருக்கு வழியில்லாமல் போகலாம். சம்மதத்தைத் தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். இங்கே தருவது ஒரு சொடுக்கு. திரும்பப் பெறுவது நடவாத காரியம். இதை முதலிலேயே, தமிழில், வாயால் சொல்லாமல் வாங்கிய சம்மதம் சம்மதமே அல்ல.

இவ்வளவுக்கும் ஈடாகத் தமிழுக்கு என்ன கிடைக்கிறது? வாசிப்பதற்கு வரும் வாக்கியங்கள் உரிமைச் சிக்கல் இல்லாதவையாக இருக்க வேண்டும் என்பதால், அவை பெரும்பாலும் எழுத்துத் தமிழ். "அவர்கள் வந்துவிட்டார்கள்" என்று திரையில் வரும். அதை அப்படியே வாசிப்பார் எங்கள் அம்மா. ஆனால் வீட்டில் அவர் சொல்வது "அவை வந்திட்டினம்." சென்னையில் சொல்வது "அவங்க வந்துட்டாங்க." இந்த மூன்றும் ஒரே சொல்லின் மூன்று உச்சரிப்புகள் அல்ல, விகுதியே வேறு. முதலாவதை ஆயிரம் மணித்தியாலம் கேட்ட கருவிக்கும் இரண்டாவது புதிய சொல்தான். ஆங்கிலத்தில் வாசிப்புக்கும் பேச்சுக்கும் உள்ள தூரத்தை வைத்து வகுத்த முறை இது. அந்தத் தூரம் தமிழில் பன்மடங்கு.

இந்தக் குறையை மதிப்பெண்கள் காட்டிக்கொடுப்பதில்லை. வாசித்த வாக்கியங்களில் ஒரு பகுதியை ஒதுக்கிவைத்து, அதிலேயே கருவியைச் சோதித்தால் மதிப்பெண் நன்றாகவே வரும். உண்மையைக் காண எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு பேர் அடுப்படியில் பேசுவதை ஐந்து நிமிடம் பதிந்து, அதைக் கருவியிடம் எழுதத் தரவேண்டும். கருவி பேச்சை எழுத்துத் தமிழாக்கித் தந்தால், தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றி எழுதினால், அது நம்மைக் கேட்கவில்லை. தான் படித்த புத்தகத்தை நமக்குச் சொல்கிறது. மருத்துவமனையில் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்கும் ஒரு முதியவருக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல.

சிக்கலின் முடிச்சு இங்கேதான். எழுத்துத் தமிழை வாசித்துத் தருவதில் ஆபத்தும் குறைவு, பயனும் குறைவு. கருவி மெய்யாகவே திருந்த வேண்டுமென்றால் இயல்பான பேச்சு வேண்டும். அதை அறிந்தவர்கள் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு, இண்டிக்வாய்ஸஸ் தொகுப்புக்காக ஊர் ஊராகச் சென்று, பங்கேற்போருக்குப் பணமும் கொடுத்து, பெரும்பாலும் வாசிக்காத பேச்சையே பதிந்தது. காமன் வாய்ஸும் கேள்விக்குச் சொந்தச் சொல்லில் பதில் சொல்லும் முறையைச் சேர்த்திருக்கிறது. தொழில்நுட்பத்துக்கு இதுதான் சரியான வழி. ஆனால் பதிவு எவ்வளவு பயனுள்ளதோ அவ்வளவுக்குப் பேசுபவரை அது காட்டிக்கொடுக்கிறது. "உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் எங்கள் அம்மா ஊரின் பெயரைச் சொல்வார், எந்த ஆண்டு அங்கிருந்து வெளிக்கிட்டார் என்று சொல்வார், திரும்பி வராத தம்பியின் பெயரையும் சொல்வார். அந்தத் தம்பியின் பெயரை இணையத்தில் ஏற்ற யாரிடம் சம்மதம் கேட்டோம்?

புலம்பெயர்ந்தவர்களுக்கு இது வீண் அச்சம் அல்ல. ஒருவருடைய பேச்சைக் கேட்டு அவர் எந்தப் பகுதியில் வளர்ந்தார் என்று மதிப்பிடும் லிங்குவா என்ற பிரிவை சுவிற்சர்லாந்தின் குடிவரவு அதிகாரிகள் 1990களிலிருந்து வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் அகதிகள் அலுவலகம் 2017 முதல், அரபு வழக்குகளில் தொடங்கி, இதற்கென மென்பொருளே பயன்படுத்துகிறது. காமன் வாய்ஸ் பதிவுகள் அங்கே போயின என்று நான் சொல்லவில்லை. ஆனால் பேச்சுவழக்கைப் பிரித்தறியும் கருவிக்குத் தேவையானது வழக்கு குறிக்கப்பட்ட பேச்சுப் பதிவு. எவரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்ட தொகுப்பில் "எதற்கும்" என்ற சொல்லுக்கு இதுவும் பொருள்.

பதில்வாதம் ஒன்று உண்டு; அது வலுவானதும்கூட. பெருநிறுவனங்கள் யாரையும் கேட்காமலே இணையக் காணொளிகளிலிருந்து பேச்சை அள்ளிவிட்டன. திறந்த தொகுப்பை மூடினால் நட்டம் அவர்களுக்கல்ல, சொந்தப் பணத்தில் தமிழுக்குக் கருவி செய்யும் இளைஞருக்கே என்பார்கள். இதை ஏற்கிறேன். அதனால்தான் வாசித்த எழுத்துத் தமிழ் திறந்தே இருக்கட்டும் என்கிறேன். விவரம் அறிந்த வயதுவந்தவர் அதைத் தரட்டும். இயல்பான பேச்சுக்கு மட்டும் வேறு வாசல் வேண்டும்.

அந்த வாசல் கற்பனையல்ல. நியூசிலாந்தின் மாவோரி வானொலி நிறுவனமான தெ ஹிக்கு மீடியா, 2018இல் தன் சமூகத்திடமிருந்து 10 நாட்களில் 300 மணித்தியாலத்துக்கும் அதிகமான பேச்சைத் திரட்டியது. அதைத் திறந்த உலகுக்கு விடவும் இல்லை, நிறுவனங்களுக்கு விற்கவும் இல்லை. பாதுகாவலை அடிப்படையாகக் கொண்ட தனி உரிமம் எழுதி, மாவோரி மக்களுக்குப் பயன்படும் வேலைக்குத்தான் தருவோம் என்று நின்றது. தம் மொழிக்கான பேச்சுணரும் கருவியையும் தாமே செய்தார்கள். சிறிய சமூகம்தான்.

எனவே குரல் கேட்டு வரும் சங்கங்களிடம் நாம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. பதிவை யார் வைத்திருப்பார், யாருக்குத் தருவார் என்று பெயர் சொல்லட்டும். பேச்சை எழுத்தாக்கும் கருவிக்கு ஒரு சம்மதம், குரலைப் போலச் செய்யும் கருவிக்கு வேறு சம்மதம் என்று பிரித்துக் கேட்கட்டும். ஒன்றுக்கு ஆம், மற்றதற்கு இல்லை என்று சொல்ல இடமிருக்கட்டும். சம்மதம் கேட்பதைத் தமிழில் வாயால் சொல்லி, அதற்கான பதிலையும் பதியட்டும். திரும்பப் பெற முடியாதது எது என்பதை முதலில் சொல்லட்டும். பெற்றோர் வாசலில் நிற்காத வகுப்பில் பிள்ளைகளிடம் ஒலிவாங்கியை நீட்டாமல் இருக்கட்டும். இதையெல்லாம் செய்ய நேரமில்லை என்பவர்களுக்குக் குரல் கொடுக்கவும் நமக்கு நேரமில்லை.