வட்டம் ஐந்து, புள்ளி பூச்சியம்



காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று நமது ஊர்களில் பல வீட்டு அலுமாரிகளில் வளைகுடாச் சல்லி கிடக்கிறது. பிள்ளைகள் படமெடுத்து வட்ஸ்அப்பில் போட்டு, "இது எவ்வளவு?" என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்கத் தேவையில்லை என்பதே நமது கருத்து. மதீனா முஸ்ஹஃபில் ஆயத்துகளுக்குப் போட்டிருக்கும் இலக்கங்கள்தான் அந்தக் காசிலும் இருக்கின்றன.

மான் பொறித்த எமிரேட்ஸ் காசைப் பாருங்கள். நாட்டின் பெயர் ஆங்கிலத்திலும் உண்டு, பெறுமதி அரபு இலக்கத்தில் மட்டுமே. இரண்டும் அதற்குப் பக்கத்தில் வட்டமும். வட்டத்தைப் பூச்சியமாக எண்ணி 20 என்கிறோம். ஓதுவது போல வலமிருந்து வாசித்தால் 52 ஆகிவிடும். இரண்டும் பிழை. வட்டம் ஐந்து, பூச்சியம் வெறும் புள்ளி. எழுத்து வலமிருந்து போனாலும் இலக்கம் நம்மைப் போல இடமிருந்துதான். ஆகவே அது 25 ஃபில்ஸ், நான்கு சேர்ந்தால் ஒரு திர்ஹம். வட்டமும் புள்ளியுமாக இருக்கும் ஏழு மூலைக் காசு 50 ஃபில்ஸ். (ஆறு நமது 7 போலத் தெரியும், அதிலும் கவனம்.)

தாளில் இலக்கத்தோடு நிற்கக் கூடாது. சதாம் ஹுசைன் படமுள்ள 250 தீனாரைக் குவைத் தீனார் என்று நம்பிக் காசு கொடுத்தால் நட்டம்தான். "தீனார்" என்ற சொல் இரு நாட்டுத் தாளிலும் உண்டு. மேலேயுள்ள வங்கிப் பெயரில் "அல்-இராக்கி" என்றிருக்கிறதா என்று முதலில் வாசியுங்கள். சதாம் தாள்களை 2004 ஜனவரியோடு ஈராக் செல்லாதாக்கிவிட்டது. சேகரிப்பவருக்கு மட்டுமே அவை உதவும். வாங்கும் முன் இரு பக்கப் படத்தையும் கேளுங்கள்.