"நன்று" போட்டால் கோபம் ஏன் வருகிறது?

ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையைக் கையில் வாங்கியதும் ஊழியர்கள் சண்டைக்கு வருகிறார்கள் என்று அதிகாரிகள் சிலர் குறைப்படுகிறார்கள். "'நன்று' என்றுதானே போட்டேன், கெட்டதாக ஒன்றும் எழுதவில்லையே!" என்பது அவர்கள் வாதம். இதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

இதற்கு உச்ச நீதிமன்றம் தேவ் தத் வழக்கில் 2008-லேயே பதில் சொல்லிவிட்டது. பதவி உயர்வுக்கு 'மிக நன்று' வேண்டியிருந்த பொறியாளருக்கு ஓர் ஆண்டு 'நன்று' விழுந்தது. அதை அவருக்குத் தெரிவிக்கவே இல்லை. உயர்வைத் தடுக்கும் குறிப்பு, பெயரில் நல்லதானாலும் பாதகமே என்றது நீதிமன்றம். அதன்பிறகுதான் முழு அறிக்கையையும் ஊழியரிடம் கொடுத்து, ஆட்சேபிக்க 15 நாள் தரும் உத்தரவு 2009-ல் வந்தது.

ஒரு மேல்நிலை எழுத்தருக்கு பத்துக்கு 5.8 என்று வைத்துக்கொள்வோம். ஆறிலிருந்துதான் 'மிக நன்று'. 10, 20, 30 ஆண்டுகளில் வரும் ஊதிய உயர்வுக்கு 2016 முதல் அதுதான் வேண்டும். ஆக அந்த 0.2 அவர் வீட்டுச் சம்பளம். கொதிக்காமல் என்ன செய்வார்?

அப்போது "எழுதிக் கொடுங்க, போங்க" என்று விரட்டுபவர் ஒரு ரகம். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று முதுகில் தட்டுபவர் இன்னொரு ரகம். இரண்டாமவரே மோசம். அந்த இனிப்பில் 15 நாளும் கரைந்துவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். உட்கார வைத்து, பேசி முடிக்க விட்டு, ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்: "எந்த வரி தப்புன்னு சொல்லுங்க."

"கோப்புகளைத் தாமதப்படுத்துறேன்னு எழுதியிருக்கீங்களே சார், அதுதான்."

உடனே கோப்புப் பதிவேட்டை மேசைக்கு வரவழைக்க வேண்டும். தாமதமான 12 கோப்பில் 8 கணக்குப் பிரிவில் கிடந்தவை என்று தெரிந்தால், "இந்த எட்டு உங்க தப்பில்ல. அந்த நாலு உங்களுடையதுதான்" என்று இரண்டையும் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்ட எண்ணை அங்கேயே திருத்தக் கூடாது. "எட்டையும் தேதியோட எழுதி 15 நாளுக்குள்ள கொடுங்க. என் கருத்தைக் கேட்டா நானும் இதையே எழுதுறேன்" என்றால் போதும். முடிவு உரிய மேலதிகாரியுடையது.

பன்னிரண்டும் அவர் மேசையிலேயே கிடந்தவை என்றால் 5.8 நிற்கட்டும். அதையும் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்.

எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் இருபதுக்கு எட்டு போட்ட ஆசிரியர், பக்கத்திலேயே ஏன் எட்டு என்று ஒரு வரி எழுதுவார். பத்து வயதுப் பையனுக்குக் கிடைத்த அந்தக் காரணம், முப்பது வருஷம் உழைத்த எழுத்தருக்குக் கிடைக்கக் கூடாதா? பதிவேட்டில் ஒரு வரியைக் காட்ட முடியாதவர் போட்டது மதிப்பெண் அல்ல, அன்றைய அவர் மனநிலை.