பாக்கெட்டின் பின்பக்கம்

எழுபதைத் தாண்டினால் தசை கரையும், புரதம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னாலும் சொன்னார், என் மகள் "ஹை புரோட்டீன்" என்று கொட்டை எழுத்தில் போட்ட பிஸ்கட் ஒன்றும் நூடுல்ஸ் ஒன்றும் வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டாள். முப்பது வருடம் ஆபீசில் ஃபைலைப் பின்பக்கத்திலிருந்து படித்துப் பழகியவன் நான். மேலே எழுதியிருக்கும் குறிப்பை விட உள்ளே கோர்த்திருக்கும் காகிதம்தான் விஷயத்தைச் சொல்லும். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பின்பக்கத்தில் சேர்மானப் பட்டியல் இருக்கும். எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. பல பாக்கெட்டில் அடைப்புக்குறிக்குள் சதவீதமும் போட்டிருக்கும். அது இருந்தால் கணக்குப் போட்டுவிடலாம்.

பிஸ்கட்டில் 100 கிராமுக்கு 10 கிராம் புரதம் என்று கண்டிருந்தது. பட்டியலில் முதலில் மைதா, 58 சதவீதம். மைதாவில் பத்தில் ஒரு பங்கு புரதம் உண்டு. அது எந்த பிஸ்கட்டிலும் உண்டு. ஆக, கிட்டத்தட்ட 6 கிராம் வெறும் மைதாவின் உபயம். கடைசியில் பொடி எழுத்தில் சோயா புரதம் 4 சதவீதம். சுத்திகரித்த சோயாப் பொடியில் பத்தில் ஒன்பது பங்கு புரதம், ஆகவே மூன்றரை கிராம். மீதி பால் பவுடர். முன்பக்கத்தில் சோயாவுக்கும் பாலுக்கும் படம் போட்டிருக்கிறார்கள், மைதாவுக்குப் படமே இல்லை! அதோடு யார் 100 கிராம் பிஸ்கட் தின்கிறார்கள்? நான்கு பிஸ்கட் 32 கிராம். அதில் கிடைப்பது மூன்று கிராம் சொச்சம் புரதம், கூடவே 7 கிராம் சர்க்கரை. ஒரு டம்ளர் பாலில் 5 கிராம் புரதம் இருக்கிறது.

நூடுல்ஸ் கதை வேறு. 100 கிராமுக்கு 17 கிராம் புரதம், நல்ல எண்ணிக்கைதான். ஆனால் பட்டியலில் கோதுமை மாவுக்கு அடுத்தபடி நின்றது "கோதுமை குளூட்டன்". லத்தீனில் குளூட்டன் என்றாலே பசை. எங்கள் பிரெஞ்சு வகுப்பில் "க்ளூ" என்று படித்தோம், பறவை பிடிக்கக் கொம்பில் தடவும் பசைக்குப் பெயர். மைதா பசை காய்ச்சி ஆபீஸ் உறை ஒட்டியவர்களுக்கு இது புதிதல்ல. பிசைந்த மாவைத் தண்ணீரில் அலசி அலசி மாவுச்சத்தைப் போக்கினால் ரப்பர் போலக் கையில் மிஞ்சுவதுதான் அது. உலர்த்திப் பொடித்தால் முக்கால் பங்கு புரதம்.

அது புரதமில்லையா என்றால், புரதம்தான். ஆனால் நம் உடம்பு தானே செய்துகொள்ள முடியாத சில அமினோ அமிலங்கள் சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். அவற்றில் லைசின் என்று ஒன்று. குளூட்டனில் அது நமக்கு வேண்டிய அளவில் பாதிக்கும் குறைவு. ஒன்று குறைந்தாலும் தசை கட்டும் வேலை அந்த அளவோடு நின்றுவிடும், செங்கல் குவிந்து கிடக்கச் சிமெண்ட் தீர்ந்த கொத்தனார் மாதிரி. ஆய்வுக்கூடத்தில் பெரும்பாலும் நைட்ரஜனை அளந்து அதை ஓர் எண்ணால் பெருக்கித்தான் புரதம் என்று போடுகிறார்கள். அந்த அளவு பாலா, பருப்பா, பசையா என்று பார்ப்பதில்லை. அதனால் பாக்கெட்டில் போட்ட 17 பொய்யில்லை, அரைகுறை உண்மை.

பட்டியலில் "ஜெலட்டின்", "கொலாஜன்" என்று வந்தாலும் இப்படித்தான். டிரிப்டோஃபான் என்ற இன்றியமையாத அமிலம் அதில் அறவே கிடையாது. பால் புரதம், வே புரதம், முட்டை, சோயா என்று முன்வரிசையில் வந்தால் காசுக்கு மதிப்பு உண்டு.

என் அபிப்பிராயம் இதுதான்: எத்தனை கிராம் என்பதைக் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள், அதில் எத்தனை கிராம் கோதுமையிலிருந்து என்பதையும் பக்கத்திலேயே அதே எழுத்தில் போட வேண்டும். மூன்று மடங்கு விலை கொடுக்கிற பென்ஷன்காரருக்கு அதைக் கேட்க உரிமை இல்லையா? சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் எந்தப் புரதத்தையும் டாக்டரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

நூடுல்ஸைத் தூக்கி எறியவில்லை. கோதுமையில் குறைகிற லைசின் பருப்பில் தாராளமாக இருக்கிறது. என் துணைவியார் அதில் ஒரு பிடி வேகவைத்த பாசிப்பருப்பும் ஒரு முட்டையும் போட்டுக் கிளறினாள். பிஸ்கட் டப்பா இன்னும் அலமாரியில் இருக்கிறது, பேரன் வந்தால் தீர்த்துவிடுவான்.