இலக்கு எட்டும்வரை பணம் யாரிடம் இருக்கிறது?

கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல் போன்ற நமது கடற்கரை ஊர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் நிதி திரட்டும் இணைப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைத் திறந்தால், இவ்வளவு இலக்கு, இவ்வளவு சேர்ந்துள்ளது என்று ஒரு பட்டை தெரியும். இலக்கு எட்டப்படாவிட்டால் நாம் கொடுத்தது என்ன ஆகும் என்று கேட்போர் மிகச் சிலரே.

இதற்கு இரண்டு வழக்கங்கள் உள்ளன. சேர்ந்தது எவ்வளவாயினும் எடுத்துக்கொள்வது ஒன்று. மருத்துவச் செலவுக்காக நம் நாட்டில் பெரும்பாலும் நடப்பது இதுவே. பட்டனை அழுத்திய கணமே பணம் நம் கணக்கிலிருந்து போய்விடும். இலக்கு நிறைந்தால் மட்டுமே வசூலிப்பது மற்றொன்று. அமெரிக்காவில் 2009இல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் இதனால்தான் பெயர் பெற்றது.

இரண்டாவது முறையில் பணத்தை யாரோ ஓர் அமானத்தாக வைத்திருக்கிறார்கள் என்றே பலர் நினைக்கின்றனர். உண்மையில் அங்கே வைத்திருக்கப்படுவது பணம் அன்று, அனுமதி. வாக்களிப்பவரின் அட்டை விவரம் சரிபார்க்கப்பட்டு, கெடு நாள்வரை காத்திருக்கிறது. வங்கி அட்டையில் ஒரு தொகையைத் தடுத்து வைக்கும் வசதி உண்டுதான். ஆனால் அது பொதுவாகச் சில நாட்களில் காலாவதியாகிவிடும். கிக்ஸ்டார்ட்டரில் ஒரு திரட்டல் 60 நாட்கள்வரை ஓடலாம். ஆகவே தொகையைத் தடுத்துவைக்காமல், கெடு முடிந்து இலக்கும் நிறைந்திருந்தால் மட்டுமே பணத்தைக் கேட்கிறார்கள். நிறையவில்லையேல் எதுவும் எடுக்கப்படுவதில்லை. எனவே திருப்பித் தரும் வேலையும் இல்லை.

அனுமதி என்பது பணம் அன்று என்பதன் விளைவு கெடு முடிந்தபின் தெரியும். மதரஸாவின் மேல்தளத்துக்கு 6 லட்சம் ரூபாய் இலக்கு என்று வைத்துக்கொள்வோம். 300 பேர் ஆளுக்கு 2,000 ரூபாய் வாக்களித்துப் பட்டை நிறைந்துவிட்டது. வசூல் நாளில் 24 பேரின் கணக்கில் இருப்பு இல்லை, அல்லது அட்டை காலாவதி. 48,000 ரூபாய் துண்டு விழுகிறது. கிக்ஸ்டார்ட்டர் இத்தகையோருக்கு ஏழு நாள் அவகாசம் தந்து, பிறகும் தராதவரை விட்டுவிடுகிறது; இலக்கு எட்டப்பட்டது என்ற முடிவு மாறுவதில்லை. இதற்கு மேல் கட்டணமும் கழியும். ஆகையால் 6 லட்சம் கைக்கு வர வேண்டுமெனில் இலக்கை அதைவிடச் சற்றுக் கூட்டியே வைக்க வேண்டும்.

நம் நாட்டில் வேறொரு தடையும் உண்டு. இணையத்தில் அட்டையால் பணம் செலுத்தும்போது ஓடிபி போன்ற இரண்டாவது உறுதிப்பாட்டை ரிசர்வ் வங்கி வேண்டுகிறது. 2022 அக்டோபர் முதல் கடைக்காரர் நம் அட்டை எண்ணைச் சேமிக்கவும் கூடாது. எனவே இன்று சம்மதம் வாங்கி, ஐம்பது நாள் கழித்து நம்மை எழுப்பாமல் பணம் எடுப்பது இங்கே எளிதன்று. பொருத்தமான வழி வேறிடத்தில் இருக்கிறது. பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பிப்போர் இதை அறிவர்: தொகை நம் வங்கிக் கணக்கிலேயே தடுத்து வைக்கப்படும், பங்கு கிடைத்தால் மட்டும் கழியும், இல்லையேல் தடை நீங்கும். 2018இல் வந்த யுபிஐயின் இரண்டாம் பதிப்பு இத்தகைய ஒருமுறை ஒப்புதலுக்கு இடம் தந்தது. இதில் இருப்பு இல்லை என்ற குறையும் நேராது. ஆனால் கெடுவரை அந்தப் பணத்தை நாமும் தொட முடியாது.

நம் மாவட்டத்தார்க்கு ஒப்பிட ஒன்று அருகிலேயே உண்டு. கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்தில் இலக்கு என்பதே இல்லை. பணம் கைக்கு வந்து நோட்டில் ஏறிவிடும். அது திரும்பச் செய்ய வேண்டிய கடன் என்பதால், குறைவாகச் சேர்ந்தாலும் கொடுத்தவருக்கு இழப்பில்லை. நன்கொடையில் அந்தக் காப்பு இல்லை. பாதிக் கட்டடத்தால் எவருக்கும் பயனில்லை. ஆகவே கட்டடம், ஆம்புலன்ஸ், எந்திரம் போன்று முழுத்தொகை இருந்தால்தான் நடக்கும் காரியங்களுக்கு நம் ஜமாஅத்துகள் நிபந்தனை வசூலையே கேட்க வேண்டும் என்பது என் கருத்து. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த வாரத்தில் அரிசிக்கும் தார்ப்பாய்க்கும் நிபந்தனை வைப்பதோ கொடுமையாகியிருக்கும். அங்கே நூறு ரூபாயும் நூறு ரூபாய்க்கு உதவும்.

வாக்களித்த தொகை கழியும்வரை நம்முடையதே. ஆகவே அதை ஜகாத் செலுத்தியதாகக் கணக்கில் எழுதிவிட வேண்டாம். ஆண்டுக் கணக்கு இடையில் முடிந்தால் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நலம்.

நிபந்தனையின் காவல் வசூல் நாளோடு முடிகிறது. பிறகு கட்டடம் எழுகிறதா என்பதை அது பார்க்காது. அதற்கு முன்பும் ஓர் ஓட்டை உண்டு. கடைசி மணிநேரத்தில் பெயரற்ற ஒரு பெருந்தொகை வந்து பட்டையை நிறைத்தால், திரட்டுபவரே எல்லோருடைய பணமும் கழிவதற்காக அதைப் போட்டிருக்கலாம். அந்தத் தொகை யாருடையது என்று கெடுவுக்கு முன்பே கேளுங்கள். அதுவரை வாக்கைத் திரும்பப் பெற வழி இருக்கலாம்.