மாற்றச் சொல்லும் உரிமை

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். இங்குள்ள முதியோர் இல்லத்தில் பாடுவதற்குக் கடுவெளிச் சித்தரின் ஆனந்தக் களிப்பைவிடப் பொருத்தமான மெட்டு நமக்குத் தோன்றவில்லை. பத்து மாதம் குயவனை வேண்டித் தோண்டி பெற்ற ஆண்டி, கூத்தாடி அதை உடைத்துவிடுகிறான். தோண்டி என்பது உடல். எண்பது வயதில் அந்த முடிவு சிலருக்கு உறுத்தக்கூடும்.

உறுத்தினால் ஈற்றுச் சொல்லை மட்டும் மாற்றலாம். 'போட்டுடைத்தாண்டி' இருந்த இடத்தில் 'மொண்டுவைத்தாண்டி' என்றால் அசையும் குலையாது, இயைபும் கெடாது. நினைவு மங்கியவர்க்கும் அந்த ஒலியே பிடிகயிறு. அது அறுந்தால் மெட்டுத் தெரிந்தும் வாய் நின்றுவிடும்.

ஆனால் மாற்றச் சொல்ல வேண்டியவர் யார்? இவ்வூர்த் தலக்கதையே விடை சொல்கிறது. பசித்த குரு நமசிவாயர் பெரியநாயகியைக் கிழத்தி என்று பாடினார். அம்மை கிழவியாகவே வந்து, "கிழவியால் சோறு கொண்டுவர இயலுமா?" என்று கேட்டாள். அவர் இளமை தோன்ற மாற்றிப் பாட, இளம்பெண்ணாய் வந்து அமுதளித்தாள். மாற்றம் கேட்டவள் மூத்தவளே.

ஆகவே முதலில் பழைய பாட்டையே பாடுவோம். உடைந்த தோண்டியைச் சிரித்தபடி பாடும் முதியவரிடமிருந்து அதைப் பறிக்க நமக்கு உரிமையில்லை.