விடைகொடுக்கும் கடிதம்

அரசுப் பணியை ராஜிநாமா செய்துவிட்டுத் தேர்தலில் நிற்கப் புறப்படும் சகஊழியருக்குப் பிரிவுபசாரக் கடிதம் எழுதும் பொறுப்பு, சட்டமன்றத் தேர்தல் நெருங்கும் நாட்களில் ஏதேனும் ஓர் அலுவலகத்துக்கு வந்து சேரத்தான் செய்கிறது. ஓய்வு பெறுகிறவருக்கு வழக்கமாக எழுதும் வாசகத்தை இவருக்கு அப்படியே எடுத்தாள இயலாது. அவர் வீட்டுக்குப் போகிறார், இவரோ வாக்காளர்களிடம் போகிறார். கடிதத்தின் கீழே கையொப்பமிடும் நண்பர்களுள் சிலர் அவர் போட்டியிடும் தொகுதியிலேயே வாக்குச்சாவடி அலுவலர்களாக அமரவும் நேரிடலாம்.

முதலில் கவனிக்க வேண்டியது காலம். அரசின்கீழ் ஆதாயம் தரும் பதவி வகிப்பவர் சட்டமன்ற உறுப்பினராவதற்குத் தகுதியற்றவர் என்கிறது அரசியலமைப்பின் 191ஆவது பிரிவு. வேட்புமனுப் பரிசீலனை நாளில் அவர் நிலை என்னவென்றே தேர்தல் அதிகாரி பார்ப்பார். ஆகவே ராஜிநாமாக் கடிதம் கொடுத்தால் மட்டும் போதாது, அது ஏற்கப்பட்டிருக்கவும் வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் துணை ஆட்சியராயிருந்த நிஷா பாங்கரே 2023 ஜூனில் ராஜிநாமா அளித்து, நீதிமன்றப் படிகளும் ஏறி, அக்டோபரில்தான் அதற்கு இசைவு பெற்றார். அதற்குள் அவர் நாடிய ஆம்லா தொகுதிக்குக் கட்சி வேறொருவரை வேட்பாளராக அறிவித்துவிட்டது. விடுவிப்பு ஆணை கைக்கு வருமுன் மாலையும் கூட்டமும் ஏற்பாடு செய்வது, இன்னமும் அரசு ஊழியராகவே இருக்கும் ஒருவரை அரசியல்வாதியாகக் காட்டி, நடத்தை விதிகளின்கீழ் அவருக்கே சங்கடம் விளைவிக்கும்.

அடுத்தது வாசகம். அன்பு முழுவதையும் கடந்த காலத்தில் வைக்கவேண்டும் என்பதே என் துணிபு. உதாரணமாக, வருவாய்த்துறையில் துணை வட்டாட்சியராக இருந்த ஒருவர் விடைபெறுகிறார் என்று கொள்வோம். கடிதம் இவ்வாறு அமையலாம்: “2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நிவாரணப் பட்டியலைக் கையிலேந்தி, முழங்கால் நீரில் நடந்து வீடுவீடாகச் சரிபார்த்தீர்கள், விடுபட்ட குடும்பங்களின் பெயர்களை அன்றிரவே சேர்த்த பின்புதான் சாப்பிட உட்கார்ந்தீர்கள். பட்டா மாறுதலுக்காக வந்த முதியவர்களை நாற்காலியில் அமர்த்தியே மனுவை வாங்கினீர்கள். புதிதாக வந்தவர்களுக்குக் கோப்பெழுதக் கற்றுக்கொடுத்தீர்கள். இவை எங்கள் நினைவில் நிற்கும். தாங்கள் உடல்நலத்துடன் நெடுங்காலம் வாழ வேண்டுகிறோம்.” இதில் கட்சி இல்லை, சின்னம் இல்லை, தொகுதியின் பெயரும் இல்லை, எனினும் படிக்கிறவர் கண் கலங்காமலிரார்.

‘வெற்றிவாகை சூட வாழ்த்துகிறோம்’ என்ற ஒரே வரி இக்கடிதத்தைத் தேர்தல் துண்டுப்பிரசுரமாக மாற்றிவிடும். அரசு ஊழியர் வாக்களிக்கலாம். ஆனால் யாருக்கு வாக்களிப்பார் என்பதை வெளிக்காட்டலாகாது. வேட்பாளருக்குத் தேர்தல் முகவராகவோ வாக்குச்சாவடி முகவராகவோ செயற்பட்டால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 134ஏ பிரிவுப்படி மூன்று மாதம் வரை சிறைவாசமும் உண்டு. பிரிவுபசாரக் கடிதம் அவ்வளவு பெரிய குற்றமாகாதுதான். ஆயினும் அலுவலக முத்திரையோடு கூடிய தாளில் எழுதி, கட்சிக் கரைத் துண்டு போர்த்தி எடுத்த படத்துடன் வாட்ஸ்அப்பில் அனுப்பினால், எதிர்வேட்பாளரின் புகாருக்கு அதுவே ஆதாரமாகும். தேர்தல் பணியிலிருக்கும் இளைய ஊழியரே அப்பொழுது விளக்கம் எழுத நேரிடும். தனித்தாளில் எழுதி, அவர் கையில் கொடுப்பதே நலம்.

நடுநிலை என்ற பெயரில் இரண்டே வரிகளில் உலர்ந்த குறிப்பு எழுதுவதும் எனக்கு உடன்பாடன்று. கர்நாடகப் பணியிலிருந்த தமிழர் இருவர், இந்தியக் காவல் பணியின் அண்ணாமலையும் இந்திய ஆட்சிப் பணியின் சசிகாந்த் செந்திலும், 2019ஆம் ஆண்டிலேயே பதவி துறந்து, 2020இல் ஒருவர் பாரதிய ஜனதாவிலும் மற்றவர் காங்கிரஸிலும் சேர்ந்தனர். இவ்விருவரோடும் பழகிய ஓர் எழுத்தர் இருவருக்கும் கடிதம் எழுதியிருப்பாராயின், பெயரையும் பணி விவரத்தையும் மாற்றியபின் எஞ்சும் வாசகம் இருவருக்கும் ஒன்றாகவே பொருந்தவேண்டும். எதிர்க்கட்சியில் சேர்ந்திருந்தால் எந்த வரியை எழுதியிருக்க மாட்டோமோ, அந்த வரி கட்சி அபிமானத்தால் வந்தது. அதை அடித்துவிட வேண்டும். அவ்வாறே, நமக்கு உவப்பான கட்சியில் சேர்ந்திருந்தால் எழுதியிருக்கக்கூடிய பாராட்டை, சேராத காரணத்தால் விட்டிருந்தால், அதைத் திரும்பச் சேர்க்கவேண்டும்.

அவர் தோற்றாலும் பழைய நாற்காலி அவருக்குத் தானாகத் திரும்பிவிடாது. வெற்றி தோல்வி தெரிந்தபின் எழுதும் வாழ்த்தில் கலப்பு வந்துவிடும். ஆகையால் அலுவலகத் தலைவர்கள், விடுவிப்பு ஆணை வந்த அன்றே இக்கடிதத்தை எழுதிக் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.